ஒரு சுற்றுலா, மூன்று விடைகள்: அறிவிப்பு, உரையாடல், நாட்குறிப்பு

எழுத்துத் திறன் பகுதியில் மதிப்பெண் குறைந்த விடைத்தாள்களைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். படிவம் தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் குறைவு. கட்டம் போட்டிருப்பார்கள், தேதி எழுதியிருப்பார்கள், பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வைத்திருப்பார்கள். ஆனால் அறிவிப்புக்குள் மேடைப்பேச்சு இருக்கும், உரையாடலுக்குள் கட்டுரை இருக்கும், நாட்குறிப்புக்குள் பயண அட்டவணை இருக்கும். படிவத்தை மனப்பாடம் செய்தவர்கள், அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளாததால் வரும் வினை இது.

அறிவிப்பைப் படிப்பவர் பலகை முன் அரை நிமிடம் நிற்கும் ஒரு மாணவர். உரையாடலில் ஒருவர் சொல்வதைக் கேட்பவர் எதிரே நிற்கும் ஒருவர் மட்டுமே. நாட்குறிப்பை எழுதியவரே படிக்கிறார். படிவத்தில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் வந்தது. அதனால் இந்த அத்தியாயத்தில் மூன்றையும் தனித்தனித் தலைப்புகளில் பயிலாமல், ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம். நிகழ்ச்சி இதுதான்: ஒரு பள்ளியின் வரலாற்று மன்றம் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒருநாள் சுற்றுலா செல்கிறது. மாதிரிகள் தமிழில் உள்ளன. ஆங்கிலத் தாளுக்கும் இதே அமைப்புதான், மொழி மட்டும் மாறும்.

அறிவிப்பு

வினா இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "அ.ஆ.இ. மேல்நிலைப் பள்ளியின் வரலாற்று மன்றம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கல்விச் சுற்றுலா செல்லவிருக்கிறது. மன்றச் செயலர் கயல்விழி என்ற முறையில் 9, 10ஆம் வகுப்பு மாணவர்களுக்கு 50 சொற்களுக்குள் ஓர் அறிவிப்பு எழுதுக."

சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் அறிவிப்புக்கு 4 மதிப்பெண். அதில் படிவத்துக்கு 1, பொருளுக்கு 2, எழுத்துப்பிழையும் இலக்கணப்பிழையும் இல்லாமைக்கு 1. அங்கும் சொல் எல்லை 50தான். மற்ற பாடத்திட்டங்களில் மதிப்பெண் மாறலாம். ஆனால் பொருளுக்கே பெரும் பங்கு என்பது எங்கும் பொருந்தும். கட்டத்தை அழகாகப் போட்டு முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர், நான்கில் ஒன்றை மட்டுமே உறுதி செய்திருக்கிறார்.

முதலில் ஒரு பலவீனமான விடையைப் பார்ப்போம். படிவ உறுப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று கொள்வோம். உள்ளே உள்ள பொருள் மட்டும் இது:

"அன்பான மாணவ நண்பர்களே! மாணவர்களின் வரலாற்று அறிவை வளர்க்கும் உயரிய நோக்கத்துடன், சோழர்களின் பெருமையைப் பறைசாற்றும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒருநாள் கல்விச் சுற்றுலா ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். விருப்பமுள்ளவர்கள் விரைவில் பெயர் கொடுக்கவும். இந்த அரிய வாய்ப்பை நழுவவிடாதீர்கள்!"

இதில் பிழையான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒரு மாணவர் என்ன செய்ய முடியும்? எந்த நாள் என்று தெரியாது. எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எவ்வளவு பணம், யாரிடம் பெயர் கொடுப்பது, எப்போதுக்குள் கொடுப்பது என்பது எதுவும் தெரியாது. "விரைவில்" என்பது அறிவிப்பில் எழுதவே கூடாத சொல். அதன் இடத்தில் ஒரு தேதி இருக்க வேண்டும். "உயரிய நோக்கத்துடன்", "பெருமையைப் பறைசாற்றும்", "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" ஆகியவை சேர்ந்து விழுங்கிய இடத்தில்தான் அந்தத் தேதியும் நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போது திருத்திய விடை:

அ.ஆ.இ. மேல்நிலைப் பள்ளி
வரலாற்று மன்றம்

அறிவிப்பு

05.01.2026

கங்கைகொண்ட சோழபுரம்: கல்விச் சுற்றுலா

வரலாற்று மன்றத்தின் சார்பில் 9, 10ஆம் வகுப்பு மாணவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒருநாள் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லப்படுகிறார்கள்.

நாள்: 24.01.2026, சனிக்கிழமை
புறப்பாடு: காலை 7.00 மணி, பள்ளி வாயில்
திரும்புதல்: மாலை 6.00 மணி
கட்டணம்: ரூ.250

விருப்பமுள்ளோர் பெற்றோரின் ஒப்புதல் கடிதத்துடன் 12.01.2026, திங்கட்கிழமைக்குள் செயலரிடம் பெயர் கொடுக்க வேண்டும். மதிய உணவு கொண்டுவர வேண்டும்.

கயல்விழி
செயலர், வரலாற்று மன்றம்

இது முழுவதையும் ஒரு கட்டத்துக்குள் எழுத வேண்டும். பள்ளியின் பெயரும் "அறிவிப்பு" என்ற சொல்லும் நடுவில் வருவது வழக்கம். தேதி இடப்பக்கம் வரும். சிலர் எல்லாவற்றையும் இடப்பக்கமாகவே எழுதுகிறார்கள். அதுவும் ஏற்கப்படும், ஆனால் ஒரே விடையில் இரண்டு முறைகளையும் கலக்கக் கூடாது. "அறிவிப்பு" என்ற சொல் வேறு, அதற்குக் கீழே வரும் தலைப்பு வேறு. அந்தத் தலைப்பை விட்டுவிடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். பலகையில் பத்து அறிவிப்புகள் இருக்கும்போது, மாணவரை நிறுத்துவது அந்தத் தலைப்புதான்.

இந்த விடையில் இரண்டு தேதிகளுக்குப் பக்கத்தில் கிழமையும் இருப்பதைக் கவனியுங்கள். 24.01.2026 சனிக்கிழமைதான், 12.01.2026 திங்கட்கிழமைதான். தேர்வு அறையில் நாட்காட்டி இருக்காது. கிழமையை உறுதியாகக் கணக்கிட முடியாவிட்டால் கிழமையே எழுத வேண்டாம், தேதி மட்டும் போதும். தவறான கிழமையைவிட இல்லாத கிழமை நல்லது. அதைவிட முக்கியம் தேதிகளின் வரிசை. அறிவிப்பு வெளியிட்ட நாள் முதலில், பெயர் கொடுக்கக் கடைசி நாள் அடுத்து, நிகழ்ச்சி நாள் இறுதியில். இந்த வரிசை தலைகீழான விடைத்தாள்கள் உண்மையாகவே வருகின்றன. சுற்றுலா முடிந்த மறுநாள் பெயர் கொடுக்கச் சொல்லும் அறிவிப்புக்குப் பொருள் மதிப்பெண் எப்படிக் கிடைக்கும்?

வினாவில் தரப்படாத விவரங்களை நீங்களே அமைத்துக்கொள்ளலாம், அமைத்துக்கொள்ளவும் வேண்டும். மேலே உள்ள நாள், நேரம், கட்டணம் எல்லாம் அப்படி அமைத்தவை. ஆனால் வினாவில் தந்த விவரத்தை மாற்றக் கூடாது. 9, 10ஆம் வகுப்பு என்று வினா சொன்னால் 8ஆம் வகுப்பையும் அன்போடு சேர்த்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. அதேபோல் உங்கள் சொந்தப் பெயர், உங்கள் பள்ளியின் பெயர், உங்கள் உண்மையான கையொப்பம் இவற்றில் எதுவும் விடையில் வரக் கூடாது. பொதுத்தேர்வில் விடைத்தாள் யாருடையது என்று திருத்துபவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. வினா தந்த பெயரையும் பதவியையும் மட்டும் எழுதுங்கள்.

அறிவிப்பில் "நான்" வராது. "அன்பான", "இப்படிக்கு", "தங்கள் உண்மையுள்ள" ஆகியவையும் வரா, அவை கடிதத்துக்கு உரியவை. "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்ற பழைய தொடக்கமும் தேவையில்லை. மேலே "அறிவிப்பு" என்று எழுதியாகிவிட்டது.

சொல் எண்ணிக்கை பற்றித் தமிழ்த் தாள் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் தமிழில் 50 சொல்லுக்குள் ஆங்கிலத்தைவிட நிறையச் சொல்லிவிடலாம். மேலே உள்ள மாதிரியில் கட்டத்தின் நடுப்பகுதி மட்டும் எண்ணினால் 45க்கும் குறைவாகவே வரும். அதில் ஏழு விவரங்கள் அடங்கிவிட்டன. ஐம்பதைத் தொட வேண்டும் என்று கடைசியில் ஒரு புகழ்ச்சி வாக்கியத்தைச் சேர்க்காதீர்கள்.

தொலைந்த பொருள், கண்டெடுத்த பொருள் பற்றிய அறிவிப்புகளை இங்கே தனியாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் எழுதும் முறை நேர் எதிரானது. சுற்றுலாப் பேருந்தில் உங்கள் கைக்கடிகாரம் தொலைந்துவிட்டது என்றால் நிறம், வார், நிறுவனத்தின் பெயர், கண்ணாடியில் இருந்த கீறல் என எல்லாவற்றையும் எழுத வேண்டும். கண்டெடுப்பவருக்கு அது உதவும். ஆனால் நீங்கள் ஒரு கைக்கடிகாரத்தைக் கண்டெடுத்திருந்தால் அந்த விவரங்களை எழுதவே கூடாது. "24.01.2026 அன்று சுற்றுலாப் பேருந்தில் ஒரு கைக்கடிகாரம் கண்டெடுக்கப்பட்டது. உரியவர் அடையாளம் கூறி அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்" என்று நிறுத்திவிட வேண்டும். நிறத்தையும் கீறலையும் எழுதிவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து அதைத் தனது என்று சொல்லலாம். இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதிய விடையைத் திருத்துபவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

உரையாடல்

அறிவிப்பு பலகையில் ஏறிவிட்டது. அடுத்த வினா: "கல்விச் சுற்றுலாவுக்குச் செல்லத் தந்தையிடம் கயல்விழி அனுமதி கேட்கிறாள். இருவருக்கும் இடையே நடக்கும் உரையாடலைப் பத்துக் கூற்றுகளில் எழுதுக."

சில வினாத்தாள்களில் "மூன்று பரிமாற்றங்கள்" என்று கேட்பார்கள். ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொன்னால் ஒரு பரிமாற்றம். ஆக மூன்று பரிமாற்றம் என்றால் ஆறு கூற்றுகள். மூன்று வரி எழுதிவிட்டு நிறுத்துபவர்கள் பாதியில் நிறுத்துகிறார்கள்.

படிவம் எளிது. முதலில் சூழலைச் சொல்லும் ஒரு வரி அடைப்புக்குறிக்குள். பிறகு பேசுபவர் பெயர், முக்காற்புள்ளி, பேச்சு. மேற்கோள் குறி வேண்டாம், "என்று சொன்னாள்" வேண்டாம். பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக வர வேண்டும், ஒவ்வொரு கூற்றும் புதிய வரியில் தொடங்க வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் உள்ளே இருக்கிறது. பெரும்பாலான உரையாடல் விடைகள் இப்படித் தொடங்குகின்றன: "வணக்கம் அப்பா, எப்படி இருக்கிறீர்கள்?" "நான் நலம் மகளே, நீ எப்படி இருக்கிறாய்?" ஒரே வீட்டில், ஒரே கூடத்தில் இருக்கும் அப்பாவிடம் யாராவது இப்படி நலம் விசாரிப்பார்களா? பத்துக் கூற்றில் இரண்டு இப்படியே வீணாகிறது. முடிவில் "நன்றி அப்பா", "நல்லது மகளே, சென்று வா" என்று இன்னும் இரண்டு வீணாகும். மிச்சமிருக்கும் ஆறில் அப்பா உடனே "சரி" என்று சொல்லிவிட்டுச் சோழர் வரலாறு பற்றிப் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார்.

உரையாடலுக்கு ஒரு தடை வேண்டும். ஒருவருக்கு ஏதோ வேண்டும், மற்றவர் உடனே தர மாட்டார். அந்தத் தடையை ஒவ்வொன்றாக விலக்குவதுதான் உரையாடலை நகர்த்தும். எழுதத் தொடங்கும் முன் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் மூன்று சொற்கள் குறித்துக்கொள்ளுங்கள், அப்பா என்னென்ன காரணம் சொல்வார் என்று. இந்த வினாவுக்கு நான் குறித்துக்கொள்வது: "பார்த்த கோயில்", "இருட்டு", "பணம்". இனி விடை:

(இரவு உணவு முடிந்திருக்கிறது. கயல்விழி ஒரு தாளுடன் அப்பாவிடம் வருகிறாள்.)

கயல்விழி: அப்பா, இதில் உங்கள் கையெழுத்து வேண்டும்.

அப்பா: என்ன இது? மதிப்பெண் அட்டையா?

கயல்விழி: இல்லை அப்பா, ஒப்புதல் கடிதம். எங்கள் வரலாற்று மன்றம் இருபத்து நான்காம் தேதி கங்கைகொண்ட சோழபுரம் போகிறது.

அப்பா: போன வருடம்தானே தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போனோம்? இதுவும் அதே மாதிரிதானே இருக்கும்?

கயல்விழி: அது ராஜராஜன் கட்டியது, இது அவர் மகன் ராஜேந்திரன் கட்டியது. இரண்டு விமானமும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்துவந்து எழுத வேண்டும்.

அப்பா: அதெல்லாம் சரி. திரும்பி வர எத்தனை மணி ஆகும்? இருட்டிவிட்டால் அம்மா வாசலிலேயே நிற்பாள்.

கயல்விழி: மாலை ஆறு மணிக்கெல்லாம் பள்ளிக்கு வந்துவிடுவோம். இரண்டு ஆசிரியைகள் கூட வருகிறார்கள்.

அப்பா: பணம் எவ்வளவு?

கயல்விழி: இருநூற்று ஐம்பது. தாத்தா கொடுத்த நூறு ரூபாய் என்னிடம் இருக்கிறது, மீதி மட்டும் கொடுங்கள்.

அப்பா: அதை நீயே வைத்துக்கொள். (கையெழுத்துப் போட்டபடி) ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பேன். பேருந்து தாமதமானால் ஆசிரியையிடம் கேட்டு எனக்குப் போன் செய்.

அறிவிப்பில் இருந்த நாள், நேரம், கட்டணம் எல்லாம் இங்கேயும் வருகின்றன. ஆனால் அங்கே வரிசையாக நின்றவை இங்கே ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதிலாக வருகின்றன. கயல்விழி ஆறு மணி என்று தானாகச் சொல்லவில்லை, அப்பா இருட்டைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறாள். ஒரு கூற்றை நீக்கிப் பாருங்கள். அடுத்த கூற்று தொங்கி நின்றால் உரையாடல் சரியாக இருக்கிறது என்று பொருள். நீக்கியும் ஒன்றும் குறையாவிட்டால் அந்தக் கூற்று தேவையற்றது.

கடைசிக் கூற்றில் அப்பா "அனுமதிக்கிறேன்" என்று எங்கும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிறார், நூறு ரூபாயை வாங்க மறுக்கிறார், தானே வந்து அழைத்துப்போவதாகச் சொல்கிறார். இந்த மூன்றிலும் அனுமதி இருக்கிறது. அடைப்புக்குறிச் செயல் இப்படி ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் வரலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் "(சிரித்தபடி)", "(வருத்தத்துடன்)" என்று போட்டால் அது நாடகப் பிரதியாகிவிடும். மேலும் அந்த வருத்தம் பேச்சிலேயே தெரியவில்லை என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். "போறேன்", "வந்துடுவோம்", "இருக்குப்பா" என்று எழுதினால் உயிரோட்டமாக இருக்கும்தான். கதையில் அது சரி, தேர்வில் வேண்டாம். பிழையா வேண்டுமென்றே எழுதியதா என்று திருத்துபவர் யோசிக்கும் நிலையை உருவாக்காதீர்கள். சொற்கள் எழுத்து வடிவில் இருக்கட்டும், வாக்கியம் பேச்சின் வடிவில் இருக்கட்டும். "பணம் எவ்வளவு?" என்பது முழு வாக்கியம் இல்லை, ஆனால் அப்படித்தான் பேசுவோம். "மாதிரிதானே", "ஆறு மணிக்கெல்லாம்", "அதெல்லாம் சரி" போன்றவை எழுத்துப்பிழை இல்லாமலேயே பேச்சைக் கொண்டுவந்துவிடுகின்றன. அதோடு மரியாதை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவை மகள் "நீங்கள்" என்கிறாள், அப்பா அவளை "நீ" என்கிறார். வீட்டில் நீங்கள் அப்பாவை "நீ" என்று அழைப்பவராக இருக்கலாம். ஆனால் தேர்வில் முதல் கூற்றில் "நீங்கள்", ஐந்தாம் கூற்றில் "நீ" என்று மாறினால் அது பிழையாகவே எண்ணப்படும். தோழியிடம் பேசினால் இருவரும் "நீ", ஆசிரியரிடம் பேசினால் "ஐயா", "அம்மா" அல்லது "சார்", "டீச்சர்". எதைத் தேர்ந்தாலும் முடிவுவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்குறிப்பு

மூன்றாம் வினா: "கல்விச் சுற்றுலா சென்று திரும்பிய இரவில் கயல்விழி எழுதும் நாட்குறிப்பை 100 சொற்களுக்குள் எழுதுக." சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் நாட்குறிப்புக்குச் சொல் எல்லை 100 முதல் 120.

மூன்றில் இதுவே கடினம். படிவத்தில் பிடிப்பதற்கு எதுவும் இல்லாததே காரணம். தேதி, கிழமை, நேரம் மேலே. வேண்டுமானால் "அன்புள்ள நாட்குறிப்பே" என்ற விளி. முடிவில் பெயர். பதவி இல்லை, கட்டம் இல்லை, தலைப்பு இல்லை. தலைப்புப் போட்டால் அது கட்டுரையாகிவிடும். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், 1942இல் பதின்மூன்றாம் பிறந்தநாளில் கிடைத்த நாட்குறிப்புக்கு அவள் "கிட்டி" என்று பெயர் வைத்து ஒரு தோழியிடம் பேசுவதுபோல எழுதினாள். விளி எதற்காக என்பது அங்கே தெரியும். தனக்குள் பேசத் தயங்குபவருக்கு எதிரே ஒருவரை உட்கார வைத்துத் தருகிறது.

தமிழில் நாட்குறிப்பு என்றால் புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த அவர், 1736 முதல் 1761 வரை கப்பல் வந்த செய்தியையும் துணி விலையையும் ஆளுநர் மாளிகைப் பேச்சையும் தமிழில் எழுதிவைத்தார். ஆண்டு, மாதம், தேதி, கிழமை ஆகியவற்றை அவர் குறித்துவைத்ததால்தான் வரலாற்று ஆய்வாளர்களுக்கு அது இன்றும் பயன்படுகிறது. உங்கள் விடையிலும் மேலே உள்ள அந்த ஒரு வரி அலங்காரத்துக்காக இல்லை. அது இல்லையென்றால் அது எந்த இரவு என்றே தெரியாது.

வழக்கமாக வரும் விடை: "இன்று காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பல் துலக்கிக் குளித்தேன். ஆறரை மணிக்குப் பள்ளிக்குச் சென்றேன். ஏழு மணிக்குப் பேருந்து புறப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அதை முதலாம் ராஜேந்திர சோழன் கட்டினார். அங்கே பல சிற்பங்களைக் கண்டோம். மதியம் உணவு உண்டோம். மாலை திரும்பினோம். இது என் வாழ்வில் மறக்க முடியாத நாள்."

இந்த நாள் ஏன் மறக்க முடியாதது என்பதற்கு விடையில் ஒரு சான்றும் இல்லை. கோயில் எந்த மாவட்டத்தில் இருக்கிறது, யார் கட்டினார் என்று யாருக்காக எழுதுகிறாள்? பார்த்துவிட்டு வந்தவள் அவள்தான், படிக்கப்போவதும் அவள்தான். "என் தோழி மலர், என்னுடன் பத்தாம் வகுப்பில் படிப்பவள்" என்று அறிமுகம் செய்வதும் இதே வகைப் பிழை. தனக்குத் தெரிந்ததைத் தனக்கே யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: படுக்கப்போகும் நேரத்தில் இவள் மனத்தில் எது நிற்கும்? முழுநாளும் நிற்காது. ஏதாவது ஒரு கணம்தான் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

24.01.2026, சனிக்கிழமை
இரவு 9.30 மணி

அன்புள்ள நாட்குறிப்பே,

கால் இரண்டும் கடுக்கின்றன, ஆனால் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சிற்பம்தான் வந்து நிற்கிறது. வடக்குப் பக்கப் படிக்கட்டின் அருகே, சிவன் அமர்ந்தபடி சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றுகிறார். கல்லில் செதுக்கிய கைக்கு அவ்வளவு பரிவு எப்படி வந்தது? எல்லோரும் சிங்கக் கிணற்றைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

என்னைக் காணோம் என்று ஆசிரியை பதறிப்போய்த் தேடியிருக்கிறார். எல்லோரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று பேருந்தில் சொன்னவளே நான்தான்! திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ பக்கத்தில் வந்து நின்று தானும் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். இது உறுத்துகிறது.

சொன்னபடியே ஆறு மணிக்கு அப்பா வாசலில் நின்றார். நாளை அவருக்கு அந்தச் சிற்பத்தை வரைந்து காட்டப்போகிறேன். திங்கட்கிழமை முதல் வேலை, ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்பது.

கயல்விழி

இங்கே காலை எழுந்ததும் இல்லை, மதிய உணவும் இல்லை. ஒரு சிற்பம், ஒரு சிறிய குற்ற உணர்வு, நாளைக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். சண்டேசர் யார் என்ற விளக்கம் இல்லாமலே திருத்துபவருக்குப் புரிகிறது. இப்படி ஓர் உண்மையான விவரம் பத்துப் பொதுவான பாராட்டுச் சொற்களைவிட மதிப்பு வாய்ந்தது. ஆனால் உறுதியாகத் தெரிந்த விவரத்தை மட்டும் பயன்படுத்துங்கள். தெரியாத கோயிலின் சிற்பத்தைக் கற்பனை செய்து எழுதுவதைவிட, பேருந்தின் ஜன்னலோர இடத்துக்கு நடந்த சண்டையை எழுதுவது மேல்.

காலம் மாறுவதையும் பாருங்கள். நடந்தவை இறந்தகாலத்தில் உள்ளன: நின்றுவிட்டேன், என்றார். எழுதும் நேரத்தில் உள்ள உணர்வு நிகழ்காலத்தில் உள்ளது: கடுக்கின்றன, உறுத்துகிறது. இனி செய்யப்போவது எதிர்காலத்தில் உள்ளது. இந்த மூன்றும் இயல்பாகக் கலந்து வருவது நாட்குறிப்பின் அடையாளம். முழுவதும் இறந்தகாலத்திலேயே இருந்தால் அது அறிக்கை. ஆங்கிலத் தாளில் இங்கேதான் அதிகம் இலக்கணப்பிழை விழுகிறது. நிகழ்ச்சியை இறந்தகாலத்தில் தொடங்கி நடுவில் அறியாமலே நிகழ்காலத்துக்கு நழுவிவிடுகிறார்கள். எழுதி முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் தனியே ஒருமுறை படித்துப்பாருங்கள், நழுவிய இடம் கண்ணில் படும்.

பாடநூல் பாத்திரத்தின் நாட்குறிப்பை எழுதச் சொன்னாலும் முறை இதுதான், ஒரு கட்டுப்பாடு மட்டும் கூடும். அந்தப் பாத்திரத்துக்கு அன்று இரவு என்ன தெரியுமோ அதை மட்டுமே எழுதலாம். கதையின் கடைசிப் பக்கத்தில் தெரியவரும் உண்மையை, நடுவில் எழுதும் நாட்குறிப்பில் அந்தப் பாத்திரம் அறிந்திருக்க முடியாது. பாடத்தை நன்றாகப் படித்தவர்களே இந்தப் பிழையை அதிகம் செய்கிறார்கள், முடிவு அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதால்.

பயிற்சிக்கு

பள்ளி நூலகம் இனிமேல் சனிக்கிழமைகளிலும் திறந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலகப் பொறுப்பு மாணவராக ஓர் அறிவிப்பு எழுதுங்கள். ஒரு மாதமாகப் புத்தகத்தைத் திருப்பித் தராத மாணவனுக்கும் நூலகருக்கும் இடையே எட்டுக் கூற்றில் ஓர் உரையாடல் எழுதுங்கள். அன்று இரவு அந்த மாணவன் எழுதும் நாட்குறிப்பையும் எழுதுங்கள். மூன்றும் முடிந்ததும் அறிவிப்பை மட்டும் வினாவைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போக வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்டால், அந்த விவரம் உங்கள் கட்டத்துக்குள் இல்லை. அதைச் சேர்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.